போன் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் பிரசவம் என்றால் பெரும்பாலும் பெண்ணின் அம்மா ஊரிலிருந்து வந்துவிடுவார். கருப்பட்டி, சுக்கு, பிரசவ லேகியம் எல்லாம் பெட்டியில் இருக்கும். மூன்று பிள்ளை பெற்ற அனுபவமும் இருக்கும். ஆனால் மருமகன் காலையில் வேலைக்குக் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் இருப்பது மாசமான மகளும், ஆங்கிலம் தெரியாத அம்மாவும் மட்டும்தான். ஆம்புலன்சுக்கு எந்த எண், இந்த வீட்டு விலாசத்தை எப்படிச் சொல்வது, ராத்திரியில் எந்த இடம் திறந்திருக்கும் என்று எதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

நான் இந்த ஊரில் பிரசவ வார்டில் பல வருடம் தாதியாக வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற பிறகும் தெரிந்தவர்கள் வீட்டில் ஏழாம் மாதம் தாண்டினால் நான் போய் ஒரு தாளை எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வருவேன். கர்ப்பத்தில் ஆபத்தான அறிகுறிகள் பல உண்டு. ரத்தப்போக்கையும் பனிக்குடம் உடைவதையும் யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள், பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். எனக்குப் பயம் தருவது ரத்த அழுத்தம். அது சாதாரணத் தலைவலி போலவும் வாயுத்தொல்லை போலவும் வரும். வீட்டு வைத்தியம் செய்துகொண்டே அருமையான சில மணி நேரத்தை வீட்டில் எல்லோரும் இழந்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் நஞ்சுக்கொடி கருப்பையின் சுவரில் வேர்விடும்போது, அங்கே உள்ள தாயின் ரத்தக்குழாய்கள் அகலமாகி நிறைய ரத்தம் விட வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகலமாவதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை உடம்பு முழுவதும் உள்ள ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. கல்லீரல் வீங்கி, அதைச் சுற்றியுள்ள உறை இழுபடும்போது வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது. மூளை பாதிக்கப்பட்டால் தலைவலி, பார்வைக் கோளாறு, கடைசியில் வலிப்பு. மருத்துவர்கள் இதை பிரீஎக்லாம்சியா என்பார்கள், வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகுதான் வரும்.

இதிலிருந்து ஒன்று புரியும். வலி மேல்வயிற்றில் இருந்தாலும் தலையில் இருந்தாலும் கோளாறு ஒன்றுதான். அந்தந்த இடத்துக்குத் தைலமும் கஷாயமும் கொடுப்பதால் அது தீராது. உப்பைக் குறைத்தாலும், படுக்கையிலேயே கிடந்தாலும் தீராது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவதுதான் தீர்வு. அதுவரை மாத்திரையும் ஊசியும் தாயைக் காப்பாற்றி வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குடும்பம் அனுமதி தந்துதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். முதல் கர்ப்பம், 36 வாரம். ஆரம்பத்தில் அவள் ரத்த அழுத்தம் 104/66 இருந்தது. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் 128/84. சிறுநீரில் புரதம் இல்லை. 140/90 தொட்டால்தான் அதிகம் என்பது கணக்கு, அதனால் அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினார்கள். அந்த எண்ணில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் இருந்ததைவிட நன்றாக ஏறியிருக்கிறது என்பதை அவள் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தவர்கள் வீட்டிலும் கவனித்திருக்கலாம். இந்த நோய் சிலருக்கு வாரக்கணக்கில் மெல்ல ஏறும், சிலருக்கு இரண்டே நாளில் முற்றிவிடும். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தது என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உத்தரவாதம் ஆகாது.

சனிக்கிழமை சாயந்திரம் வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் கையில் இறுகிவிட்டன. முந்தின வாரம் வரை சரசரவென்று மேலும் கீழும் ஓடியவை. மோதிரம் கழலவில்லை. காலையில் எழுந்தபோது கண்ணிமை தடித்திருந்தது. அம்மா பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கால் வீக்கம் மட்டும் என்றால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் நிறைமாதக்காரிகள் பாதிப் பேருக்குச் சாயந்திரமானால் கால் வீங்கும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்துவிடும். முகமும் கைவிரலும் ஓரிரு நாளில் திடீரென்று தடிப்பது வேறு விஷயம். அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அதே சமயம், வீக்கமே இல்லாமல் இந்த நோய் முற்றியவர்களையும் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். வீக்கம் இல்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஞாயிறு மத்தியானம் தலைவலி. நெற்றியிலும் பிடரியிலும். தூக்கம் போதவில்லை, பித்தம் என்று தைலம் தேய்த்தார்கள். பாராசிட்டமால் இரண்டு போட்டுப் படுத்தாள். மூன்று மணி நேரம் ஆகியும் வலி அப்படியே இருந்தது. மாசமானவளுக்குத் தலைவலியே வரக்கூடாது என்றில்லை. ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு, மாத்திரைக்கும் ஓய்வுக்கும் கேட்காத தலைவலி வந்தால் அதைத் தலைவலி என்று நினைக்கக் கூடாது. ரத்த அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், மருத்துவர் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை. (நிறைமாதத்தில் இபுபுரூஃபன் வகை மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது குழந்தைக்கு ஆகாது.)

இரவு எட்டு மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே, கொஞ்சம் வலது பக்கமாக வலி. ஒரு தடவை வாந்தி. வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுதான் கல்லீரல் வலி. என் அனுபவத்தில் வீடுகளில் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நிறைமாதத்தில் நெஞ்செரிச்சல் எல்லோருக்கும் வரும், அதனால் சந்தேகமே வராது. நெஞ்செரிச்சல் சாப்பாட்டுக்குப் பிறகு எரிந்து மேலேறும், உட்கார்ந்தால் குறையும். இது நிலையாக நின்று வலிக்கும். எப்படி உட்கார்ந்தாலும் விடாது, விலாவுக்குக் கீழே தொட்டாலே நோகும்.

ஒன்பது மணிக்கு அவள், "அம்மா, லைட்டைச் சுத்தி மின்னுது, பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்றாள். கணவன் ரிச்சர்ட்ஸ் பே பக்கம் இரவுப் பணியில் இருந்தான். அம்மா எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைப் படித்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்:

*இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்பு. அவளைக் கேட்காதே.*

விடாத தலைவலி.
கண் மங்குகிறது, மின்னுகிறது, இரண்டாகத் தெரிகிறது.
நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி.
முகமும் கையும் திடீரென்று வீக்கம்.
மூச்சு வாங்குகிறது. பேச்சு குழறுகிறது, ஆள் ஒரு மாதிரி இருக்கிறாள்.
வலிப்பு.
ரத்தம் போகிறது. தண்ணீர் உடைந்துவிட்டது. வயிறு கல் மாதிரி இறுகி வலி விடவில்லை. காய்ச்சல்.
குழந்தை ஆடுவது குறைந்துவிட்டது.

"அவளைக் கேட்காதே" என்ற வரியைச் சிலர் கடுமை என்பார்கள். நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மூளையில் நீர் கோத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்றால் அவள் "ஒண்ணுமில்லம்மா, தூங்குனா சரியாயிடும்" என்றுதான் சொல்வாள். வழக்கத்தைவிட எரிச்சலாக, மந்தமாக, சம்பந்தமில்லாமல் பேசுவதே ஓர் அறிகுறி. தவிர, இரவில் வீட்டாரைச் சிரமப்படுத்த நம் பெண்கள் தயங்குவார்கள். ஆகவே முடிவு அவள் கையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்களின் வேலை. பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கும் இந்தத் தாளைப் படித்துக் காட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா சூலு மொழி பேசுபவராக இருந்தால் அவரையே உட்காரவைத்து அவர் மொழியில் ஒரு பிரதி எழுதி வாங்கி ஒட்டுங்கள். பகலில் அவளோடு தனியாக இருப்பது அவராகவும் இருக்கலாம்.

சரி, தாளின் கீழ்ப்பாதி. அங்கேதான் எண்களும் விலாசமும் இருக்கும். அரசு ஆம்புலன்சுக்கு 10177. கைபேசியிலிருந்து 112 அழைத்தாலும் அவசர உதவிக்கு இணைப்பு கிடைக்கும். இன்சூரன்ஸ் உள்ளவர்கள் தங்கள் திட்டத்தில் வரும் தனியார் ஆம்புலன்ஸ் எண்ணையும் எழுத வேண்டும். அதற்குக் கீழே, கார் வைத்திருக்கும் இரண்டு அண்டைவீட்டார் எண். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் இருப்பார். பிறகு ஆஸ்பத்திரியின் பெயர். பகலில் போகும் கிளினிக் இரவில் திறந்திருக்காது, ஆகவே இரவிலும் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவிட வேண்டும்.

விலாசத்தை நான் தமிழ் எழுத்தில், ஆங்கில உச்சரிப்பில் எழுதுவேன். தெரு எண், தெருப் பெயர், சாட்ஸ்வொர்த் என்றால் யூனிட் எண், பக்கத்தில் உள்ள பெரிய கடை அல்லது பள்ளிக்கூடம். அப்புறம் பேச வேண்டிய வாக்கியத்தையும் அப்படியே: "எமர்ஜென்சி. மை டாட்டர் இஸ் ப்ரெக்னன்ட், எய்ட் மந்த்ஸ். பேட் ஹெடேக், கான்ட் சீ. ப்ளீஸ் சென்ட் ஆம்புலன்ஸ்." வலிப்பு என்றால் "ஹேவிங் ஃபிட்ஸ்". இதை அம்மாவை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச்சொல்லிப் பார்ப்பேன். முதலில் வெட்கப்படுவார்கள், பரவாயில்லை. குடியிருப்புக்குள் வீடு என்றால் வாசல் காவலரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மின்தடை நேரத்தில் மோட்டார் கேட்டைக் கையால் திறக்கும் சாவி எங்கே என்று அம்மாவுக்குக் காட்டிவைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், விசாவை நினைத்துத் தயங்கும் குடும்பங்களுக்காக. அவசர மருத்துவ சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. வலிப்பு வரும் நிலையில் இருக்கும் பெண்ணை வாசலில் நிறுத்திக் காகிதம் கேட்க முடியாது.

அன்று அந்த அம்மா 10177 அழைத்துவிட்டு, காத்திருக்காமல் அண்டைவீட்டுக்காரரையும் எழுப்பினார். அவர் காரில்தான் போனார்கள். அவளைப் பின்சீட்டில் இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கிளினிக் பதிவேடு கூடவே போனது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் 172/114. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். 160/110 தாண்டினால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு, ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை உடனே கொடுத்தார்கள். கூடவே மக்னீசியம் சல்ஃபேட் ஊசி. ரத்தக்குழாயில் ஏற்றும்போது உடம்பெல்லாம் தீயாய்க் கொதிப்பதுபோல் இருக்கும், பெண்கள் பயந்துபோவார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வலிப்பைத் தடுப்பதற்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. 2002இல் வெளியான மாக்பை என்ற பெரிய ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகும். அதனால்தான் தாதிகள் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீர் அளப்பதுமாக இருப்பார்கள். எதற்கு இப்படிப் படுத்துகிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

திங்கட்கிழமை காலை அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவளுக்கு வலிப்பு வரவில்லை.

வந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் வலிப்பு என்றால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்னும் நடக்கிறது. அதில் ஒரு பயனும் இல்லை. சாவியைத் தேடும் நேரத்தில் போன் செய்திருக்கலாம். பல்லுக்கிடையில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள், பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகும். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயிலிருந்து எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். தலைக்குக் கீழே மடித்த புடவையோ தலையணையோ வையுங்கள், பக்கத்தில் உள்ள நாற்காலியை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஆம்புலன்சை அழையுங்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். நின்றபிறகு அவள் குழம்பிப்போய் இருப்பாள், தண்ணீர் கொடுக்கக்கூடாது. நின்றுவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது, அடுத்தது வரும்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், குறிப்பாக முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய், போன தடவை இப்படி ஆனவர்கள் வீட்டில். இங்கே நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, கால் தரையில் பதித்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும். 140/90 அல்லது மேல் என்றால் அன்றே காட்டுங்கள். 160/110 என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள், மேல் எண்ணோ கீழ் எண்ணோ ஒன்று தொட்டாலே போதும். ஆனால் கருவி 120 காட்டுகிறது, கண் மின்னுகிறது என்றால் கருவியை நம்பாதீர்கள். தாளை நம்பிக் கிளம்புங்கள்.

குழந்தை பிறந்த அன்றே பல வீடுகளில் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். அது மட்டும் வேண்டாம். நஞ்சுக்கொடி வெளியே வந்தாலும் குழாய்கள் ஆறுவதற்கு நாள் ஆகும். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை ரத்த அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகும், அந்த நாள்களில்தான் பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டுக்கு வந்த மறுநாள் தலைவலி. முதுகில் மரப்பு ஊசி போட்டதால் இருக்கும் என்றாள் அவள். அந்தத் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இவளுக்குப் படுத்தாலும் விடவில்லை. ஆனால் இதையெல்லாம் வீட்டில் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அம்மா எனக்குப் போன் செய்தார். "அக்கா, தாள்ல முதல் வரி இருக்கு, நாங்க கிளம்புறோம்" என்றார், அவ்வளவுதான். அங்கே 158/104. மாத்திரையைக் கூட்டி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆகவே நான் தாளின் அடியில் ஒரு வெற்றுக் கோடு விடுகிறேன். குழந்தை பிறந்த தேதியையும் அதிலிருந்து 42ஆம் நாளையும் அங்கே எழுத வேண்டும். அதுவரை தாள் சுவரில் இருக்கட்டும். வயிற்றில் குழந்தை ஆடுவதைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் "ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுசா நனைகிறது" என்று எழுதுங்கள். மாத்திரையைப் பத்தியச் சாப்பாட்டைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. ஆறாவது வாரம் கிளினிக்குக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தாயின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் முதல் தடவை கிளினிக்கில் பதியும்போதே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினும் கால்சியமும் தேவையா என்று மருத்துவர் அப்போதே முடிவு செய்வார். ஆஸ்பிரினை 12 வாரத்தை ஒட்டித் தொடங்கினால்தான் முழுப்பலன், ஆறாம் மாதத்தில் சொன்னால் தாமதம்.